சாம்பிள் பனியன் ஏன் 10 நாள் எடுக்கிறது?

கேள்வி: ஃப்ளோ எஃபிஷியன்சி என்றால் என்ன? எல்லாரும் ஓயாமல் வேலை செய்தும் ஏன் குறைகிறது?

ஒரு வேலை தொடங்கி முடியும்வரை ஆகும் மொத்த நேரத்தில், அதன்மேல் உண்மையில் கை பட்ட நேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் அது.

திருப்பூரில் ஒரு சாம்பிள் பனியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிட்டிங் முதல் செக்கிங் வரை 16 மணி நேர வேலை. கைக்கு வர 10 வேலை நாள், அதாவது 80 மணி நேரம். ஆக, 20 சதவீதம். மீதி நேரமெல்லாம் துணி சாயப்பட்டறை வரிசையிலும், தையல் மெஷின் பக்கத்தில் கட்டிய மூட்டையாகவும் கிடந்தது.

மாவு மில்லிலும் இப்படித்தான்: அரைக்க 5 நிமிஷம், தூக்குப்போசி வரிசையில் 45 நிமிஷம். மில் ஓயாமல் ஓடுவதால்தான் புதிதாக வருகிறவர் காத்திருக்கிறார்.

அதனால் தைப்பவர் மெதுவு என்று அர்த்தமில்லை. 4 மணி நேரத் தையலை 2 ஆக்கினாலும் 80 மணி 78 ஆகும், அவ்வளவுதான்.