விசாரணை மெசேஜுக்கு உடனே பதில்: மலை வாசகர்களின் கேள்விகள்

கோத்தகிரியில் இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சீசனில் ‘ரேட் என்ன?’ என்று நாள் முழுக்க மெசேஜ் வருகிறது. சேமித்த பதிலை அனுப்பினால் அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஏன்?

உங்கள் பதிலைப் படித்தேன். அறை வாடகை, சாப்பாடு, கேம்ப்ஃபயர், பார்க்கிங், செக்-இன் நேரம் என்று பதினெட்டு வரி. படித்தவர் திரும்ப என்ன எழுதுவார்? எல்லாம்தான் தெரிந்துவிட்டதே. சேமித்த பதில் மூன்று வரிக்குள் இருக்கட்டும், கடைசி வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும்: “ஒரு ராத்திரிக்கு ஓர் அறை 3,500 ரூபாய், காலை டிபனோடு. என்னைக்கு வர்றீங்க, எத்தனை பேர்?” இந்தக் கேள்விக்குப் பதில் வந்தால்தான் அது விசாரணை. வராவிட்டால் அடுத்தவரைப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப் பிசினஸில் Quick replies பகுதிக்குப் போய் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சுருக்குச்சொல் வையுங்கள். பேசும் இடத்தில் `/rate` என்று தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். அனுப்புவதற்கு முன்னால் அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐம்பது பதில் வரை சேமிக்க இடம் உண்டு. உங்களுக்கு ஆறு போதும்: வாடகை, வழி, சாப்பாடு, அட்வான்ஸ், ரத்து, இ-பாஸ்.

இ-பாஸ் பதிலில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அதனால் விதியை எழுதிவைக்காமல் `epass.tnega.org` முகவரியை மட்டும் கொடுங்கள். வாடகையும் அப்படித்தான். `/rate` தவிர வேறு எந்தப் பதிலிலும் தொகை இருக்கக் கூடாது. போன மே மாத ரேட் ஏதோ ஒரு பதிலில் ஒளிந்திருந்து, வந்தவர் வாசலில் அதைக் காட்டும்போது பேச முடியாது.

கொடைக்கானலில் எங்கள் தங்கும் விடுதிக்குத் தங்கை மெசேஜில் பதில் சொல்கிறாள். போனில் பேசி முடிப்பது நான். ‘எல்லாம் அவங்ககிட்ட சொல்லிட்டேனே’ என்று வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

சலித்துக்கொள்வது நியாயம்தான். தங்கை உங்களுக்கு நம்பரை மட்டும் தருகிறார், விஷயத்தைத் தருவதில்லை. நீங்கள் அனுப்பிய ஈரோட்டுக்காரர் உரையாடலையே எடுத்துக்கொள்வோம். அம்மாவால் படி ஏற முடியாது என்று அவர் இரண்டாவது மெசேஜிலேயே சொல்லிவிட்டார். நீங்கள் போனில் மாடி அறையைப் பற்றிப் பேசினீர்கள். அந்த இடத்தில்தான் புக்கிங் போனது. தங்கை உங்களுக்கு இப்படி எழுதியிருக்க வேண்டும்:

“ஈரோடு. மே 16 வந்து 18 கிளம்புறாங்க. பெரியவங்க 4, குழந்தை 1. அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழ் அறைதான் வேணும். 3,500 சொல்லியாச்சு, தள்ளுபடி பேசலை. சாயங்காலம் 6 மணிக்குள்ள அண்ணன் கூப்பிடுவார்னு சொல்லியிருக்கேன்.”

இதில் எனக்கு முக்கியம் கடைசி இரண்டு வாக்கியங்கள். என்ன விலை சொன்னோம், என்ன வாக்கு கொடுத்தோம் என்பது தெரியாமல் பேசினால் இருவரும் இரண்டு கடைக்காரர்கள் போலத் தெரிவீர்கள். வாடிக்கையாளருக்கும் அதே நேரத்தில் ஒரு வரி போகட்டும்: “எங்க அண்ணன் 6 மணிக்குள்ள கூப்பிடுவார், கீழ் அறை விஷயம் அவர்கிட்ட சொல்லிட்டேன்.” நீங்களும் போனை எடுத்ததும் “அம்மாவுக்குக் கீழ் அறைதானே கேட்டிருந்தீங்க” என்று தொடங்குங்கள்.

கைமாறிய பிறகு தங்கை அந்த உரையாடலில் எதுவும் எழுதக் கூடாது. அதற்கு லேபிள் உதவும். ‘அண்ணன்’ என்று ஒரு லேபிள் உருவாக்கி, குறிப்பு அனுப்பியதும் அதைப் போட்டுவிட வேண்டும். Linked devices வழியாக உங்கள் போனிலும் அதே கணக்கு திறந்திருந்தால் முழு உரையாடலையும் பார்க்கலாம். ஆனாலும் குறிப்பை விடாதீர்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நாற்பது மெசேஜ் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ராத்திரி ஒருமுறை அந்த லேபிளைத் திறந்து பாருங்கள். சொன்ன நேரம் தாண்டியும் கூப்பிடாத பெயர்கள் அங்கேதான் நிற்கும்.

ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் கேட்பவர்களை வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால் பாதிப் பேர் வருவதில்லை.

வெறும் நம்பரைக் கொடுத்தால், அவர்கள் அதைச் சேமித்து, தேடி, முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்குப் பதில் இப்படி ஒரு இணைப்பைச் சேமித்த பதிலில் வையுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Insta%20chocolate%201kg
```

X இருக்கும் இடத்தில் உங்கள் எண். தொட்டதும் வாட்ஸ்அப் திறந்து, அந்த வரி எழுதியபடியே இருக்கும். அனுப்புவது மட்டும்தான் அவர் வேலை. எங்கிருந்து வந்தார், என்ன கேட்டார் என்பதும் உங்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அப்புறம், இன்ஸ்டாகிராமில் Requests பகுதியைத் தினமும் திறந்து பாருங்கள். உங்களைப் புதிதாகத் தேடி வருகிறவர்களின் மெசேஜ் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

குன்னூரிலிருந்து: மழையில் கரண்ட், சிக்னல் இரண்டும் போனாலும் Away message தானாகப் போகுமா?

போகாது. உங்கள் போன் இணையத்தில் இருந்தால்தான் அது போகும். மழைக்காலத்தில் கடை எண்ணை டவுனில் இருக்கும் யாராவது ஒருவரின் போனில் வைத்திருங்கள்.