பி.எஃப்.-ஐ எடுக்கலாமா, மனையை விற்கலாமா?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வயது 52. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். கோவையில் வேலை பார்க்கும் 23 வயது மகளுக்கு டப்ளினில் ஒரு வருட மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 30 லட்சம் ஆகும். பி.எஃப்.-இல் 8 லட்சம் எடுத்து, அரவேணுவில் வாங்கிப் போட்ட ஆறு சென்ட் மனையை 18 லட்சத்துக்கு விற்று, வங்கியில் இருக்கும் 4 லட்சத்தையும் சேர்த்தால் கடனில்லாமல் அனுப்பிவிடலாம். பெண் பிள்ளையைக் கடனாளியாக்க மனம் வரவில்லை. செய்யலாமா?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

செய்ய வேண்டாம். கல்விக் கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

58 வயதில் குவார்ட்டர்ஸ் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு எங்கே போவீர்கள்? அந்த மனைக்குத்தானே? அதை விற்றுவிட்டால் வாடகை வீடு. வாடகை கொடுக்க பென்ஷன் வரும் என்று நினைத்தால், கணக்கைப் பாருங்கள். அதிக பென்ஷனுக்குத் தனியாக எழுதிக் கொடுக்காதவர்களுக்கு 15,000 ரூபாய்தான் சம்பள உச்சவரம்பு. அதைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 28 வருட சர்வீஸுக்கு மாதம் சுமார் 6,000 ரூபாய். உங்கள் முதுமை முழுக்க அந்த பி.எஃப். தொகையை நம்பித்தான் இருக்கிறது.

‘அட்வான்ஸ்’ என்ற பெயரைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிறார்கள். படிப்புக்காக பி.எஃப்.-இல் எடுப்பது திருப்பிக் கட்டும் கடன் அல்ல, எடுத்தால் போனதுதான். 2024-25க்குக் கொடுத்த 8.25 சதவீதமே தொடரும் என்று வைத்தால், இன்று எடுக்கும் 8 லட்சம் நீங்கள் ஓய்வு பெறும்போது கிட்டத்தட்ட 13 லட்சமாக இருந்திருக்கும்.

மனையை விற்காமல் வங்கியில் அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்குங்கள். 18 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறும். முழுத் தொகையும் போன பிறகு மாதம் 15,750 ரூபாய். இதை மட்டும் உங்கள் சம்பளத்திலிருந்து அப்போதைக்கப்போது கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்துகொள்ளும். படிக்கும்போதே வட்டி கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் 15 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 20,000. அயர்லாந்தில் மாஸ்டர்ஸ் முடித்தவர்கள் இரண்டு வருடம் வரை தங்கி வேலை தேடலாம். கிடைத்தால் கவலையில்லை. கிடைக்காமல் திரும்பி வந்து கோவையிலேயே 45,000 சம்பளத்தில் சேர்ந்தால்? 20,000 கட்டுவது கஷ்டம்தான், ஆனாலும் முடியும். கையிலிருக்கும் 4 லட்சம் போக மீதி 26 லட்சத்தையும் கடனாகவே வாங்கியிருந்தால் தவணை 28,700. அது முடியாது, உங்கள் தலையில் விழும். கடன் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள், அவள் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும். அதனால் 18-க்கு மேல் போகாதீர்கள்.

மனைக்கும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கவில்லை. தவணை நின்றால் வங்கி அதை ஏலம் விடலாம். ஆனால் பி.எஃப். கணக்கில் இருக்கும் பணத்தைக் கடனுக்காக யாரும் ஜப்தி செய்ய முடியாது, சட்டமே பாதுகாக்கிறது. அதை நீங்களே வெளியே எடுத்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடுகிறது.

சரி, 18-உம் 4-உம் சேர்ந்து 22. மீதி 8 லட்சத்துக்குக் கை மறுபடி பி.எஃப்.-க்குத்தான் போகும். அதற்கு முன் மகளோடு உட்கார்ந்து அந்த 30 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். டப்ளின் வாடகை கணிசமாக இருக்கும். லிமரிக் போன்ற ஊரில் அதே படிப்பு இருக்கிறதா? இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்கப் பல்கலைக்கழகம் சம்மதிக்குமா? அந்த ஒரு வருடச் சம்பளத்தில் அவள் சேர்ப்பது அவள் பங்கு. 23 வயதில் கடனும் ஒரு பங்குதான், அவளிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை.

மலையில் ஒரு சிக்கல் உண்டு. தேயிலை நிலத்தைக் கொண்டுவந்தால் வங்கிகள் பெரும்பாலும் தயங்கும், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்க வங்கிக்கு வழிவிடும் சர்ஃபேசி சட்டப்படி விவசாய நிலத்தை எடுத்து விற்க முடியாது என்பதால். உங்களுடையது மனை, அது நல்லது. ஆனால் அங்கீகாரம் பெற்ற மனையா, பட்டா உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறதா, மூலப் பத்திரம் கையில் இருக்கிறதா? நம் பக்கம் கூட்டுப் பட்டாவில் நின்றுபோன கடன் மனுக்கள் நிறைய பார்த்திருக்கிறேன். பிரிக்க வேண்டியிருந்தால் சர்வேயருக்கு இந்த வாரமே மனு கொடுங்கள். மழை பிடித்துவிட்டால் அளக்க வர நாளாகும்.