3, 4, 5 பக்கமுள்ள முக்கோணியில் செங்கோணம் ஏன் வருகிறது?

“களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு அத்திவாரத்துக்குக் கயிறு கட்டிய மேசன், மூன்றடி, நான்கடி அளந்து குறுக்கே ஐந்தடி வந்ததும் மூலை சரி என்றார். அது எப்போதும் சரியாக இருக்குமா? ஏன்?”

எப்போதும் சரிதான். 9 + 16 = 25 என்பதால் பைதகரஸ் தேற்றம் இதை நிறுவிவிட்டது என்று பலர் நிறுத்திக்கொள்வார்கள்; ஆனால் அத்தேற்றம் செங்கோணம் இருந்தால் வர்க்கங்கள் பொருந்தும் என்றே சொல்கிறது, வர்க்கங்கள் பொருந்தினால் செங்கோணம் இருக்கும் என்பதை நாம் தனியே காட்ட வேண்டும்.

அதற்கு, ஒரு தாளில் முதலில் செங்கோணத்தை வரைந்து, அதன் ஒரு புயத்தில் 3 அலகையும் மற்றதில் 4 அலகையும் குறித்து, முனைகளை இணையுங்கள். இங்கே செங்கோணம் இருப்பது உறுதி என்பதால் தேற்றத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். செம்பக்கத்தின் வர்க்கம் 25, நீளம் 5. ஆகவே இந்த முக்கோணிக்கும் மேசனின் கயிற்று முக்கோணிக்கும் மூன்று பக்கங்களும் சமம். மூன்று பக்கங்களும் சமமான இரு முக்கோணிகள் ஒருங்கிசையும். நான்கு சட்டங்களை ஆணியடித்து இணைத்தால் சதுரம் சரிந்து ஆடும், மூன்று சட்டங்கள் ஆடாது என்பதை நினைத்துப் பாருங்கள்: பக்கங்கள் நிலைத்தால் கோணங்களுக்கு வேறு வழியில்லை. எனவே கயிற்றின் மூலையும் 90 பாகையே.

அளவு பிழைத்தால் மட்டும் மூலை பிழைக்கும். குறுக்கே ஐந்தடிக்குப் பதிலாக ஐந்தடி ஓரங்குலம் வந்தால் கோணம் ஏறத்தாழ 92 பாகையாகிவிடும். இருபதடிச் சுவரின் கடைசியில் அது எட்டங்குலத்துக்கும் மேல் விலகல். அதே ஓரங்குலப் பிழை 9, 12, 15 அடி அளவில் நேர்ந்தால் கோணம் மூன்றில் ஒரு பங்கே விலகும் என்பதால், இடம் இருந்தால் பெரிய அளவிலேயே கயிறு பிடிக்கச் சொல்லுங்கள்.