லாஃபர் வளைவின் உச்சி எங்கே இருக்கிறது?

கேள்வி: வரி விகிதத்தை ஒரு அளவுக்கு மேல் உயர்த்தினால் அரசின் வருவாய் குறைந்துவிடும் என்று லாஃபர் வளைவு சொல்கிறது. அந்த அளவு எவ்வளவு? ஒருவர் 40 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 70 என்கிறார். படித்தவர்களுக்குள்ளேயே ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்:

வளைவு உண்டா இல்லையா என்பதில் பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டையெல்லாம் ஒரே ஒரு எண்ணைப் பற்றியது. அந்த எண் மாறினால் உச்சி 40-க்கும் போகும், 70-க்கும் போகும்.

1974-இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் அமெரிக்க அரசின் முக்கியஸ்தர்கள் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் டிக் செனியும் இருந்த மேசையில் பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர் ஒரு கைத்துடைப்பின் மேல் இந்த வளைவை வரைந்து காட்டினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. உடனிருந்த பத்திரிகையாளர் ஜூட் வானிஸ்கிதான் அதற்குப் பெயர் சூட்டிப் பரப்பினார். இந்தக் கருத்து தன்னுடையது அல்ல, 14-ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் இப்னு கல்தூனிடமே இருக்கிறது என்று லாஃபரே சொல்லியிருக்கிறார். கைத்துடைப்பில் இல்லாமல் போனது அளவுகோல். இரண்டு ஓரத்திலும் வருவாய் பூஜ்யம் என்று மட்டும் தெரிந்தால், நடுவில் மேடு எங்கே என்பதைப் படம் சொல்லாது.

அளவுகோலை எப்படிப் போடுவது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள வருமானத்துக்கு மட்டும் உயர் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரம்பைத் தாண்டியவர்களின் சராசரி வருமானம் மூன்று லட்சம். விகிதம் இப்போது 50 சதவீதம். அதை 51 ஆக்கினால், யாரும் எதையும் மாற்றிக்கொள்ளாத பட்சத்தில், ஆளுக்கு இரண்டு லட்சத்தில் ஒரு சதவீதம், அதாவது 2,000 கூடுதலாக வரும். ஆனால் அவர்கள் கையில் மிஞ்சும் பங்கு 50-லிருந்து 49 ஆகிறது. அது 2 சதவீதக் குறைவு. மிஞ்சும் பங்கு ஒரு சதவீதம் குறைந்தால் கணக்கில் காட்டும் வருமானம் எத்தனை சதவீதம் குறையும்? நான் சொன்ன அந்த ஒரே எண் இதுதான். வரிக்குரிய வருமானத்தின் நெகிழ்ச்சி என்பார்கள். அது 0.25 என்றால் வருமானம் அரை சதவீதம், அதாவது 1,500 குறையும். அதில் பாதி அரசுக்கு வரவேண்டியது, ஆகவே இழப்பு சுமார் 750. வரவு 2,000, இழப்பு 750. விகிதத்தை உயர்த்துவது லாபம்.

இதே கணக்கை 80 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள். மிஞ்சும் பங்கு 20-லிருந்து 19 ஆவது 5 சதவீதக் குறைவு. வருமானம் 3,750 இறங்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, சுமார் 3,000, அரசின் நஷ்டம். வரவோ அதே 2,000-தான். உச்சியைத் தாண்டிவிட்டோம். வரவும் இழப்பும் சமமாகும் இடம் இது:

```
t* = 1 / (1 + a × e)
```

இதில் e நெகிழ்ச்சி. a என்பது பணக்காரர்களின் வருமானம் வரம்புக்கு மேல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதன் அளவு. நம் உதாரணத்தில் மூன்றை இரண்டால் வகுக்க 1.5. அமெரிக்காவுக்கும் ஏறத்தாழ அதுவேதான். e 0.25 என்றால் உச்சி 73 சதவீதம், 0.5 என்றால் 57. 1 என்றால் 40. பீட்டர் டயமண்டும் இம்மானுவேல் சயஸும் 2011-இல் எழுதிய கட்டுரையில் வரும் 73 இப்படி வந்ததுதான். 40 என்பவர் வேறு சூத்திரம் வைத்திருக்கிறார் என்று எண்ண வேண்டாம். சூத்திரம் ஒன்றே, உள்ளே போடும் e வேறு.

அந்த e-யை அளந்துவிட்டால் போகிறது என்று தோன்றும். அதில் என்ன சிக்கல் என்பதற்கு பிரிட்டனின் 50 சதவீத வரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேல் உள்ள வருமானத்துக்கு 2010 ஏப்ரலிலிருந்து 40-க்குப் பதில் 50 சதவீதம் என்று 2009 ஏப்ரல் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருட அவகாசம். சொந்தக் கம்பெனி வைத்திருப்பவருக்கு இது போதாதா? அடுத்த வருடம் எடுக்க வேண்டிய ஈவுத்தொகையை இந்த வருடமே எடுத்துக்கொண்டு பழைய, குறைந்த விகிதத்தில் வரி கட்டிவிட்டார்கள். இப்படி முன்னதாக இழுக்கப்பட்ட வருமானம் 1,600 கோடி முதல் 1,800 கோடி பவுண்டு என்று வரித்துறை 2012-இல் மதிப்பிட்டது.

இதனால் புள்ளிவிவரம் எப்படிக் கெட்டது என்று கவனியுங்கள். 2009-10 செயற்கையாக வீங்கியது; 2010-11 அதனாலேயே சூம்பியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, வரி ஏறியதும் பணக்காரர்கள் உழைப்பையே நிறுத்திவிட்டார்கள் என்றுதான் தெரியும். உண்மையில் பெரும்பகுதி தேதி மாற்றம் மட்டுமே. வரித்துறை அந்த இழுப்பை மதிப்பிட்டுக் கழித்துவிட்டு, மீதிக் குறைவிலிருந்து சுமார் 0.45 என்ற நெகிழ்ச்சிக்கு வந்தது. எவ்வளவு கழிப்பது என்பதே ஊகம். அதில் சிறிது மாற்றினால் விடை வெகுவாக மாறும். கையில் இருந்ததும் ஒரே ஒரு வருடத் தரவு. அடுத்த வருடங்களைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றால், 2013 ஏப்ரலிலிருந்து 45 ஆகக் குறைக்கப் போகிறோம் என்று 2012 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார்கள். இந்த முறை வருமானத்தைப் பின்னுக்குத் தள்ளிவைக்க ஆசை. சோதனையின் இரண்டு முனையும் கறைபட்டுப் போனது. விகிதத்தைக் குறைப்பதால் ஆகும் இழப்பு வெறும் 10 கோடி பவுண்டு அளவுதான் என்று அரசு சொன்னதும் இந்த e-யை நம்பித்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 1993-இல் உயர் விகிதம் ஏறியபோது கம்பெனி நிர்வாகிகளின் வருமானத்தை ஆராய்ந்த ஆஸ்டன் கூல்ஸ்பீ, குறுகிய காலத்தில் நெகிழ்ச்சி ஒன்றுக்கும் மேல், சில வருடம் கழித்துப் பார்த்தால் 0.4-க்கும் கீழ் என்று காட்டினார். கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலையில் வாங்கும் விருப்ப உரிமைகளை அவர்கள் வரி ஏறுமுன் பணமாக்கிக்கொண்டதே காரணம். ஒரே மனிதர்கள், ஒரே சட்டம். எந்த வருடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து உச்சி 40-க்குக் கீழேயும் இருக்கலாம், 60-க்கு மேலேயும் இருக்கலாம்.

காலத்தைச் சரிசெய்தாலும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. e மனித சுபாவத்தில் பதிந்த மாறிலி அல்ல. அமெரிக்காவில் 1986 சீர்திருத்தம் உயர் விகிதத்தை 50-லிருந்து 28-க்குக் கொண்டுவந்தது. அந்தச் சமயத்து மாற்றங்களை அளந்த மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைனுக்கு நெகிழ்ச்சி 1-க்கும் மேல் கிடைத்தது. ஆனால் தனிநபர் விகிதம் கம்பெனி வரி விகிதத்தைவிடக் கீழே இறங்கியதும், பல தொழில்கள் தம் லாபத்தை உரிமையாளரின் தனிநபர் கணக்கில் நேரடியாகக் காட்டும் அமைப்புக்கு மாறிக்கொண்டன. தனிநபர் வருமானம் கூடியதாகத் தெரிந்தது. கம்பெனி வரியில் அதே வருமானம் குறைந்தது. ஒரு சட்டைப் பையிலிருந்து மறு பைக்குப் போன பணத்தைப் புது வரவு என்று எண்ணக் கூடாது அல்லவா? டென்மார்க்கில், சம்பளத்தை முதலாளியே வரித்துறைக்கு நேராகத் தெரிவிக்கும், கழிவுகள் குறைவான அமைப்பில், சம்பளக்காரர்களின் நெகிழ்ச்சி மிகச் சிறியது என்று கிளெவனும் ஷுல்ட்ஸும் 2014-இல் காட்டினார்கள். ஓட்டை அதிகமுள்ள சட்டத்தில் உச்சி தாழ்ந்திருக்கும். ஓட்டையை அடைத்தால் அதே நாட்டில் உச்சி உயரும். ஆகவே ஒரு நாட்டின் எண்ணை எடுத்து இன்னொரு நாட்டுக்குப் பொருத்துபவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்று, எந்த வரியின் விகிதம் என்று கேட்காமலேயே பலர் சண்டை போடுகிறார்கள். பிரிட்டனில் வரி முறையைப் பரிசீலித்த மிர்லீஸ் ஆய்வுக்காக ப்ரூவர், சயஸ், ஷெப்பர்ட் மூவரும் 0.46 நெகிழ்ச்சியை வைத்து உச்சி 56 சதவீதம் என்றார்கள். அந்த 56-இல் முதலாளியும் ஊழியரும் கட்டும் தேசியக் காப்பீடும், செலவழிக்கும்போது கட்டும் மறைமுக வரியும் அடக்கம். அவற்றைக் கழித்தால் வருமான வரிக்கு மிஞ்சுவது 40 சதவீதம். 56 என்று படித்தவர் வருமான வரியை ஏற்றலாம் என்பார். 40 என்று படித்தவர் ஏற்கெனவே உச்சியில் நிற்கிறோம் என்பார். இருவரும் ஒரே கட்டுரையின் ஒரே முடிவைத்தான் சொல்கிறார்கள். டயமண்ட்-சயஸின் 73-உம் அப்படியே: அதை அன்றைய மத்திய வருமான வரியின் 35 சதவீதத்தோடு ஒப்பிடக் கூடாது, எல்லா வரியும் சேர்ந்த சுமார் 42.5 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த 42.5-ஏ உச்சியாக இருக்க வேண்டுமானால் e 0.9 ஆக இருக்க வேண்டும்.

தேதி மாற்றம், பை மாற்றம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் உண்மையான கருத்து வேறுபாடு ஒன்று எஞ்சுகிறது. உயர்ந்த விகிதம் பத்து, இருபது வருடங்களில் என்ன செய்யும்? எந்தப் படிப்பைப் படிப்பது, தொழில் தொடங்குவதா, எந்த நாட்டில் குடியேறுவது என்ற முடிவுகள் மெதுவாகவே மாறும். ஓரிரு வருடத் தரவு அவற்றைப் பிடிக்காது. அவை பெரியவை என்று நினைப்பவர்கள் உச்சியைக் கீழே வைக்கிறார்கள். மறுபக்கம், பிக்கெட்டி, சயஸ், ஸ்டாஞ்சேவா 2014-இல் வேறு கேள்வி கேட்டார்கள். மேல்மட்ட நிர்வாகியின் சம்பளத்தில் ஒரு பகுதி உற்பத்தியால் வராமல் பேரத்தால் வருகிறது என்றால், வரி ஏறும்போது பேரம்தான் குறையும். அவர் விட்ட பணம் கம்பெனியிலேயே மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். அப்படிக் கணக்கிட்டு அவர்கள் வந்து சேர்ந்த எண் 83 சதவீதம். நான் பேரத்தின் பங்கை அவர்கள் அளவுக்குப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அது பூஜ்யம் என்று நிரூபித்தவரையும் இதுவரை பார்த்ததில்லை.