லாக்கர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு வங்கியில் அம்மாவும் நானும் சேர்ந்து பதினைந்து வருடமாக லாக்கர் வைத்திருக்கிறோம். வருட வாடகை ஜிஎஸ்டியோடு 3,540 ரூபாய். அம்மாவின் நகை 40 பவுன் அதில் இருக்கிறது. இப்போது புது ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், ஒரு லட்சம் டெபாசிட்டும் போடச் சொல்கிறார்கள். திருடு போனால் வங்கி முழுசாகத் தருமா? தம்பியை நாமினியாகப் போட அம்மா சொல்கிறார். அப்படிப் போட்டால் நகையெல்லாம் அவனுக்கே போய்விடுமா? அப்பா காலமாகிவிட்டார். — ஒரு வாசகி

பதில்: முதலில் டெபாசிட்டை முடித்துவிடலாம், அது சுலபம். புதிதாக லாக்கர் எடுப்பவரிடம் மூன்று வருட வாடகையும் பூட்டை உடைக்கும் செலவும் அடங்கும் அளவுக்கு மட்டும் டெபாசிட் கேட்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. உங்கள் வாடகைக்கு மூன்று வருடம் என்றால் 10,620 ரூபாய், அதோடு உடைப்புக் கூலி. ஒரு லட்சம் எங்கே வந்தது? அதிலும், ஏற்கெனவே லாக்கர் வைத்திருப்பவரிடம் இந்த டெபாசிட்டை வற்புறுத்தக் கூடாது என்றே விதி சொல்கிறது. "எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இனி திருட்டு. முழுசாகக் கிடைக்காது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிந்து விழுவது, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால், அப்போதைய வருட வாடகையைப் போல நூறு மடங்கு வங்கியின் பொறுப்பு. உங்கள் 3,540-ல் 540 ரூபாய் ஜிஎஸ்டி, வாடகை 3,000. நூறு மடங்கு என்றால் 3 லட்சம். 40 பவுன் என்பது 320 கிராம். கிராம் பத்தாயிரம் என்று குறைத்தே வைத்தாலும் 32 லட்சம் ஆகிறது. பத்தில் ஒரு பங்குகூட வராது. இழப்பீட்டுக்கும் உங்கள் நகையின் மதிப்புக்கும் ஒப்பந்தத்தில் சம்பந்தமே இல்லை, அது வாடகையோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கி பதிவு செய்வதும் இல்லை.

வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கும், உங்கள் சொந்தக் கவனக்குறைவுக்கும் வங்கி பொறுப்பேற்காது. ஆனால் அந்த ஆபத்துகளிலிருந்து கட்டடத்தைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யும் கடமை வங்கிக்கு உண்டு. ஆகவே படிக்கும்போது, "எந்தக் காரணத்தால் ஏற்படும் இழப்புக்கும் வங்கி பொறுப்பல்ல" என்ற மாதிரி ஒரு வரி வந்தால் அங்கே நிறுத்துங்கள். பழைய படிவங்களில் அப்படி இருந்தது. 2021 பிப்ரவரியில் அமிதாப தாஸ்குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், லாக்கரைக் காக்கும் பொறுப்பை வங்கி கைகழுவிவிட முடியாது என்று சொல்லி, விதி வகுக்க ரிசர்வ் வங்கிக்கு ஆறு மாதம் கொடுத்தது. அந்த வழக்கில் வாடகை கட்டியிருந்தும் லாக்கரை உடைத்துவிட்டார்கள். ஏழு நகை இருந்ததாக வாடிக்கையாளர் சொன்னார், கைக்கு வந்தது இரண்டு. கோர்ட் 5 லட்சம் இழப்பீடும் 1 லட்சம் செலவும் கொடுத்தது. காணாமல் போன நகையின் மதிப்பைத் தனியாக உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது.

அந்த நிரூபணம்தான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். என்னிடம் வந்த ஓர் அம்மா, ஆரம் எத்தனை பவுன் என்று கேட்டால் மகளின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார். அழகான ஆரம், படத்தில் எடை தெரியுமா? நீங்கள் அடுத்த முறை போகும்போது நகையை வீட்டுக்கு எடுத்துவந்து தராசில் வைத்து, எடை தெரியும்படி போட்டோ எடுங்கள். பில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள், பட்டியலில் தேதி போடுங்கள். மீதி 29 லட்சத்துக்கு வழி, காப்பீட்டு நிறுவனத்திடம் நேராக நகைக் காப்பீடு எடுப்பதுதான். "லாக்கரில் இருக்கும்போதும் செல்லுமா" என்று கேட்டு வாங்குங்கள். லாக்கரில் உள்ள பொருளுக்கு வங்கியே இன்ஷூரன்ஸ் விற்கக் கூடாது, அப்படி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

நாமினி விஷயத்துக்கு வருகிறேன். தம்பி நாமினி ஆனதால் நகை தம்பிக்குச் சொந்தமாகிவிடாது. வாரிசுகள் சார்பில் பொறுப்பாகப் பெற்றுக்கொள்பவர்தான் நாமினி. அம்மா உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்றால், அம்மாவின் நகையில் உங்களுக்கும் தம்பிக்கும் சம பங்கு. இதில் இன்னொரு பக்கமும் உண்டு: லாக்கரில் உங்கள் பெயர் இருப்பதாலும் அந்த 40 பவுன் உங்களுடையது ஆகாது. யாருக்கு எது என்று அம்மா மனதில் இருந்தால், அது உயிலில் வர வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: லாக்கரை யார் திறக்கலாம் என்ற கட்டத்தில் என்ன டிக் அடித்திருக்கிறது? "இருவரும் சேர்ந்து" என்று இருந்து தம்பி நாமினியாக இருந்தால், அம்மாவுக்குப் பிறகு நீங்களும் தம்பியும் சேர்ந்து போனால்தான் திறக்க முடியும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் லாக்கர் அப்படியே பூட்டிக் கிடக்கும். "எய்தர் ஆர் சர்வைவர்" என்று இருந்தால் உங்களை மட்டும் வங்கி அனுமதிக்கும். உங்கள் வீட்டுச் சூழலில் முதலாவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். தம்பிக்குச் சந்தேகம் வராது, உங்கள் மேல் பழியும் வராது. ஆனால் அம்மாவிடம் விளக்கிச் சொல்லி அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். நாமினி படிவத்தைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். "சிஸ்டத்தில் ஏற்றிவிட்டோம்" என்ற வாய்ப்பேச்சு பத்து வருடம் கழித்து உதவாது.

அந்த நாள் வரும்போது, இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் கொடுத்தால், 15 நாளில் வங்கி அதைப் பரிசீலித்து, பட்டியல் எடுக்கும் தேதியை முடிவு செய்ய உங்களைத் தொடர்புகொள்ள வேண்டும். நாமினி சரியாகப் பதிவாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழ் கொண்டு வா என்று கேட்கக் கூடாது. பொருளை எடுக்கும் முன் வங்கி அதிகாரி ஒருவரும் வெளியாள் சாட்சிகள் இருவரும் முன்னிலையில் பட்டியல் எடுப்பார்கள். அந்தப் பட்டியலின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பங்குப் பேச்சு வரும்போது அதுதான் உங்கள் ஆதாரம்.

வாடகை எந்தக் கணக்கிலிருந்து பிடிக்கப்படுகிறது என்று பாருங்கள். தொடர்ந்து மூன்று வருடம் வாடகை வராவிட்டால், நோட்டீஸ் கொடுத்து உடைக்க வங்கிக்கு உரிமை உண்டு. அம்மாவின் கணக்கு முடங்கினால் நோட்டீஸ் போகும் முகவரியும் பழசாக இருக்கும். போன் எண்ணையும் சரிபாருங்கள். லாக்கர் திறக்கப்பட்ட தேதியும் நேரமும் அன்றைக்கே எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டும். நீங்கள் போகாத நாளில் செய்தி வந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். பெட்டக அறை வாசல் கேமரா பதிவைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. புகார் வந்துவிட்டால், விவகாரம் முடியும்வரை அதை அழிக்கக் கூடாது.

இருதரப்பும் கையெழுத்திட்ட முத்திரைத்தாள் ஒப்பந்தத்தின் ஒரு நகல் உங்களுக்கு உரியது. மேலே சொன்ன வரிகள் மாறாமல் கையெழுத்துக் கேட்டால், கிளைக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் பதியலாம்.