குவாரியில் மண் இல்லை

அன்புள்ள ஐயா,

தக்கலைப் பக்கம் எங்கள் விளையை ஒட்டி ஒரு கல்குவாரி இருந்தது. மூடி ஆறு வருடம் ஆகிறது, ஒரு புல்கூட இல்லை. அதே வருடம் மரச்சீனி போடுவதை நிறுத்திய எங்கள் விளையிலோ ஆள் நுழைய முடியாத புதர். வெடிமருந்து கல்லை விஷமாக்கிவிட்டதா? மரக்கன்று நடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விஷத்தை விடுங்கள். இரண்டையும் 'சும்மா கிடக்கும் இடம்' என்று ஒரே தட்டில் வைக்கிறீர்களே, அதுதான் பிழை. உங்கள் விளை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

என் பாட்டா கோரை பிடுங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே நிற்கும். தனக்குப் பிறகு இந்த விளை கோரைக்குத்தான் என்பார். அப்படியே ஆனது. அவர் போனபின் பாகப்பிரிவினைச் சண்டையில் விளை தரிசானது. முதல் மழைக்கே கோரை, அருகு, தும்பை, குப்பைமேனி. யாரும் விதைக்கவில்லை. கிழங்கும் விதையும் களைக்கொத்து ஓய்வதற்காக மண்ணுக்குள் காத்துக் கிடந்தன. மூன்றாம் வருடம் எருக்கும் கம்யூனிஸ்ட் பச்சை என்ற புதர்ச்செடியும் வந்தன. பறவை எச்சத்தில் வேம்பு முளைத்தது. கம்யூனிஸ்ட் பச்சை மட்டும் அடர்ந்துவிட்டால் மரக்கன்றை மேலே வர விடாது. அங்கே கதை பல வருடம் அப்படியே நின்றுவிடும்.

பாடநூல் இதை இரண்டாம்நிலை வழிமுறை வளர்ச்சி என்கிறது. பயிர்தான் போனது. பாட்டா முப்பது வருடம் போட்ட சாணியும் தழையும் மண்ணாக அங்கேயே இருந்தன.

குவாரியில் முதலில் வழித்தெடுத்ததே அந்த மண்ணைத்தான். விதையில்லை, வேரில்லை. கல்லில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கொஞ்சம் உண்டு, தழைச்சத்து இல்லை. எனவே காற்றிலிருந்து அதைப் பிடிக்கும் நீலப்பசும்பாசி போன்றவை பெரும்பாலும் முதலில் குடியேறும். பிறகு பாறையோடு ஒட்டிய லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர் அது. அமிலம் கசிந்து கல்லை அரிக்கும். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பரவினாலே அதற்குப் பெரிய ஓட்டம். அடுத்து இலைபோல் விரியும் லைக்கன். நீங்கள் குழம்பில் போடும் கல்பாசி அந்த இனம்தான். அதன்மேல் மாஸ் என்னும் பாசம் படர்ந்து தூசியைப் பிடித்து வைத்தபின்தான் புல்லும் பெரணியும். இது முதல்நிலை வளர்ச்சி. நூற்றாண்டுக் கணக்கு. ஆறு வருடத்தில் புல் எங்கே என்று கேட்கிறீர்கள்!

குனிந்து பார்த்தீர்களா? மழைநீர் கசியும் இடங்களில் கருப்புக் கோடு இறங்கியிருக்கும். அழுக்கு என்று நினைத்திருப்பீர்கள், பெரும்பாலும் அது நீலப்பசும்பாசிதான். வெட்டுப்படாத பழைய பாறைக்குப் போய், சாம்பல்நிறத் திட்டின்மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சற்று நேரத்தில் பச்சை தெரிந்தால் அது லைக்கன்.

மரக்கன்றா? வெறும் கல்லில் குழி தோண்டி நடாதீர்கள். வழித்த மேல்மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று விசாரியுங்கள். குவாரி ஓரத்தில் மேடாகக் கிடந்தால், அதை எடுத்துப் பள்ளத்தில் ஒரு முழம் பரப்பி ஒரு மழைக்காலம் பொறுங்கள். முதலில் கோரைதான் வரும்.