குடவோலை செமினார் முடிந்ததும் என்ன கேட்கலாம்? – கேள்வி பதில்

கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை உத்திரமேரூரைச் சுற்றியே இருப்பதால் அதையே மையமாக வைத்துப் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி: மேடம், என் ஃப்ரெண்ட் "சோழர் கால மக்களாட்சி"ன்னு செமினார் எடுக்கப் போறா. உத்திரமேரூர்ல ஊரே ஓட்டுப் போட்டுச்சுன்னு ஸ்லைடு வெச்சிருக்கா. அது சரியில்லைன்னு எனக்குத் தோணுது. அவ மனசு நோகாம எப்படிக் கேக்கறது?

உங்கள் சந்தேகம் சரிதான் மா. ஆனால் "இதை எப்படி மக்களாட்சின்னு சொல்றே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் அவள் தலைப்பையே கைவிட வேண்டியிருக்கும். வகுப்பு முன்னால் நின்றுகொண்டு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். தற்காப்பில் இறங்குவாள், அதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் கையில் இருக்கும் கல்வெட்டுக்குள்ளேயே பதில் இருக்கிற மாதிரி, சிறியதாகக் கேளுங்கள்.

முதலில் அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஊரை நிர்வகித்த வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினரைத் தேர்ந்த விதத்தை அவை சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, இன்றைய வார்டு மாதிரி, பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று எழுதிய வாயோலையை மேலே பூட்டிக் குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க, கோயில் பூசாரிகளான நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறு குடத்தில் போட்டுக் குலைப்பார்கள். சிறுவன் மறுபடி ஒரே ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும், விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்துவிடக் கூடாது பாருங்கள். அவர் வாசித்த பிறகு நம்பிமார் எல்லோரும் வாசிப்பார்கள். அப்புறம்தான் பெயர் உறுதியாகும்.

இதில் ஓட்டுப் போட்டவர் யார்? யாரும் இல்லை. இது சீட்டு எடுத்துத் தேர்ந்த முறை. இதை நீங்கள் சொல்லிக் காட்ட வேண்டாம், அவளையே சொல்ல வையுங்கள். நான் கேட்டால் இப்படிக் கேட்பேன்: "குடத்துலேர்ந்து சிறுவன் ஓலை எடுக்கிற ஸ்லைடு ரொம்பத் தெளிவா இருந்துச்சு. அந்த ஓலையில யார் யார் பேர் எழுதியிருப்பாங்க? பேர் எழுதறதுக்கு என்ன தகுதின்னு கல்வெட்டு சொல்லுது?"

அவள் படித்திருந்தால் தகுதிகளைச் சொல்வாள்: பழைய நில அளவில் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வயது வரம்பு, மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதிகளைக் கற்றிருத்தல். சொல்லி முடிக்கும்போது "ஊரே" என்ற சொல் சுருங்கிவிட்டது வகுப்புக்குத் தானாகப் புரியும். உங்கள் ஃப்ரெண்ட் தோற்றதாக யாருக்கும் தோன்றாது, கேள்விக்குப் பதில் சொன்னவளாகத்தான் உட்காருவாள்.

எல்லோருக்கும் ஒன்று: எந்த ஸ்லைடைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று சொல்லித் தொடங்குங்கள். "பொதுவா உங்க ப்ரெசன்டேஷன்ல" என்று தொடங்கும் கேள்வி எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் குறை சொல்வதாகவே காதில் விழும்.

பி.எட். மாணவர்: மேடம், போன வாரம் ஒரு பையன் வாரிய உறுப்பினர் வயது 35 முதல் 70 வரைன்னு சொன்னான். நான் படிச்சதுல 30 முதல் 60. "தப்பா சொல்றீங்க"ன்னு எழுந்து சொன்னேன். அவன் முகம் சுருங்கிடுச்சு. நான் சொன்னது சரிதானே?

இரண்டு பேரும் பாதி பாதி சரி தம்பி. பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 919-ஐச் சேர்ந்தது, முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்கிறது. இரண்டு ஆண்டு கழித்து 921-இல் வந்த கல்வெட்டு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றிவிட்டது.

அன்று நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: "நீங்க சொன்ன 35-70 எந்த ஆண்டுக் கல்வெட்டுல வருது? எனக்கு 30-60ன்னு ஒரு குறிப்பு கிடைச்சுது." உங்கள் குறிப்பையும் மேசையில் வைத்துவிட்டீர்கள், அவனைத் தவறு என்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் அருமையான கேள்வி ஒன்றும் அங்கே பிறந்திருக்கும்: இரண்டே ஆண்டில் விதியை ஏன் மாற்றினார்கள்? இரண்டாவது கல்வெட்டு தீயவர் ஒழிந்து நல்லவர் வளர வேண்டும் என்று காரணம் சொல்கிறது. கணக்குக் காட்டாமல் விட்டவரை மட்டுமல்ல, அவருடைய தாய்மாமன், மாமனார், சகோதரி கணவர் என்று உறவுக்காரர்களையும் விலக்குகிறது. முதல் ஏற்பாட்டில் ஏதோ கோளாறு நடந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். என்ன கோளாறு என்று கல்வெட்டு சொல்லவில்லை. செமினாரில் பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

எம்.ஏ. மாணவர்: எந்தத் தலைப்புக்கும் பொருந்தற மாதிரி பத்து கேள்வி எழுதிக் குடுங்க மேடம், அப்படியே மனப்பாடம் பண்ணிக்கறேன்.

தர மாட்டேன். எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும் கேள்வி, பேசியதைக் கேட்காமலே கேட்கக்கூடிய கேள்வி. பேசியவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஐ.டி. ஊழியர், வரலாற்று ஆர்வலர்: நம்ம பெருமையைச் சொல்ல ஒரு பிள்ளை மேடை ஏறுது. அதுல போய் நிலம், வேதம்னு குடைஞ்சு கேக்கணுமா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி உலகத்துல எங்க இப்படி இருந்துச்சு? தவிர கல்வெட்டுல "பிராமணர் மட்டும்"னு எங்கயும் இல்லையே.

கடைசி வரியில் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வாசகம் அப்படியே இல்லை. ஆனால் ஊரின் பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். அது பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். முடிவெடுத்தது சபை, அப்படிப்பட்ட ஊர்களின் அவை. நிலம் கால் வேலி இல்லாமல் அரைக்கால் வேலிதான் என்றாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்கத் தெரிந்தவரின் பெயரை எழுதலாம் என்று விதி. இவற்றை அடுக்கினால் அன்று யாருடைய பெயர் ஓலையில் ஏறியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெருமை போய்விடும் என்று ஏன் பயப்படுகிறீர்கள்? கணக்குக் காட்டாதவனை மாமனாரோடு சேர்த்து விலக்கியதும், விரலை விரித்து ஓலை வாங்கச் சொன்னதும் அசாத்தியமான நிர்வாகப் புத்தி. அந்தப் பெருமை அப்படியே நிற்கிறது. "உலகில் எங்கே இருந்தது" என்று கேட்டால், சீட்டு எடுத்துப் பதவி கொடுப்பது ஏதென்ஸில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இருந்தது. மேடையில் அந்த வரியைச் சொன்னால் எழுந்து நிற்பவர்கள் மரியாதையாகக் கேட்க மாட்டார்கள்.

கல்வெட்டியல் ஆய்வு மாணவி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் மேடம். உத்திரமேரூரைத் தனி அதிசயமாகவே பேசுகிறோம். திருநெல்வேலிப் பக்கம் மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இதற்கு முன்பே சபை உறுப்பினர் தகுதியைச் சொல்கிறதே. இதைச் செமினாரில் கேட்டால் நாகரிகமாக இருக்குமா?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முந்தையது, அங்கும் நிலமும் கல்வியும்தான் தகுதி. ஆனால் எச்சரிக்கையாகக் கேளுங்கள். பேசியவர் மானூரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். "மானூர் தெரியுமா?" என்றால் உங்கள் படிப்பைக் காட்டிக்கொள்வதாகப் போய்விடும். தகவலை முதலில் கொடுத்துவிடுங்கள்: "மானூர் கல்வெட்டிலும் சபைக்குத் தகுதி சொல்லியிருக்கு. அதோட வெச்சுப் பார்த்தா உத்திரமேரூர்ல எது புதுசுன்னு நினைக்கிறீங்க?" குடமும் ஓலையும் என்று அவர் சொல்லலாம். வேறு எதையாவதும் சொல்லலாம். எனக்கே அதில் முடிவான கருத்து இல்லை.

மறுபடியும் ஐ.டி. ஊழியர்: அப்போ வெள்ளாளர் ஊர்கள்ல? அங்கயும் குடவோலை இருந்திருக்கும்ல?

அந்த ஊர்களுக்குச் சபை இல்லை, "ஊர்" என்ற பெயரிலேயே ஓர் அவை தனியாக இருந்தது. அங்கே குடவோலை நடந்தது என்று இந்தக் கல்வெட்டை வைத்துச் சொல்ல முடியாது. "இருந்திருக்கும்" என்பதை அடுத்த செமினாரில் நீங்கள் சொன்னால், "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று முன்வரிசையிலிருந்து நான் கேட்பேன், அன்போடுதான்.

பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவி: நான் வேலூர்ப் புரட்சி எடுத்தேன். ஒருத்தன் எழுந்து "சோர்ஸ் என்ன?"ன்னு மட்டும் கேட்டான். அழுகையே வந்துடுச்சு மேடம். அவன் கேட்டது சரியா?

கேட்ட விஷயம் சரி, கேட்ட விதம் மொட்டை. எந்த வரிக்கு என்று சொல்லாமல் "சோர்ஸ் என்ன" என்றால் மொத்தத்தையும் சந்தேகிப்பதாக ஆகிவிடுகிறது. எந்த ஸ்லைடு என்று சொல்லுங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

அதையே அவன் இப்படிக் கேட்டிருக்கலாம்: "1806 ஜூலை 10 அன்னிக்கு சிப்பாய்கள் எழுந்ததுக்குப் புதுத் தலைப்பாகையும் தோல் குஞ்சமும் காரணம்னு சொன்னீங்க. சிப்பாய்கள் மனசுல இருந்ததை யார் எழுதி வெச்சிருக்காங்க?" நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி கம்பெனி அதிகாரிகளின் கடிதங்களும் விசாரணைப் பதிவுகளும்தான். சிப்பாய்கள் வாக்குமூலம் கொடுத்திருந்தாலும் அது விசாரிப்பவன் முன்னால், தண்டனைக்குப் பயந்து கொடுத்தது. இந்தக் கேள்வி வந்திருந்தால் உங்களுக்குப் பேச பத்து நிமிடம் கிடைத்திருக்கும்.

குரூப் 4 தேர்வர்: குடவோலை முறை பத்தின கல்வெட்டு எந்த மாவட்டம்? டெஸ்ட்ல வருமா?

காஞ்சிபுரம். தேர்வைப் பற்றி உங்கள் பயிற்சி மையத்தில் கேளுங்கள்.

பி.ஏ. முதலாண்டு மாணவர்: மேடம், செமினார்ல கேக்க நல்ல கேள்வி ரெண்டு மூணு சொல்லுங்களேன்.

மேலே இருக்கிறது தம்பி. படியுங்கள்.

இன்னொரு மாணவர்: பொதுவா எல்லா வரலாற்றுத் தலைப்புக்கும் ஆகற கேள்வி ஏதாவது?

இதற்கும் பதில் சொல்லியாயிற்று.

பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி (முதல் கேள்வி கேட்டவர்): நீங்க சொன்ன மாதிரி கேட்டு, அவ "தெரியலை"ன்னு நின்னுட்டா? எல்லாரும் என்னையே பாப்பாங்க.

அந்த நேரத்துக்குத்தான் கல்வெட்டைப் படித்துவிட்டுப் போகச் சொன்னேன். இரண்டு மூச்சு காத்திருங்கள். அவள் தடுமாறினால், "கால் வேலி நிலம்னு ஒரு தகுதி படிச்ச ஞாபகம், அது இதுலதானா?" என்று ஒரே ஒரு நூலை நீட்டுங்கள். நான்கு தகுதியையும் நீங்களே அடுக்கிவிடாதீர்கள், அது பதிலை நீங்கள் பறித்துக்கொண்டதாகும். அப்போதும் தெரியவில்லை என்றால் "சரி, அப்புறம் சேர்ந்து பாக்கலாம்" என்று உட்கார்ந்துவிடுங்கள். துணைக் கேள்வி வேண்டாம். முடிந்தால் செமினாருக்கு முந்தின நாளே அவளிடம், "தகுதி பத்திக் கேப்பேன்டி, பாத்து வெச்சுக்கோ" என்று சொல்லிவிடுங்கள். சிநேகிதிக்கு அதைச் செய்வதில் எந்தத் தவறும் இல்லை, கேள்வியின் கூர்மையும் அதனால் குறையாது.